ஷின் கார்டு: உள்ளங்கை அளவு போதுமா?

"என் மகனுக்கு 13 வயது, உயரம் 152 செ.மீ. கால்பந்து அணியில் நடுக்களத்தில் ஆடுகிறான். டிவியில் பெரிய வீரர்களைப் பார்த்துவிட்டு, உள்ளங்கை அளவு ஷின் கார்டுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து வாங்கிக்கொண்டான். போன ஆட்டத்தில் அது சாக்ஸுக்குள்ளேயே சுற்றிப் பின்பக்கம் போய்விட்டது. நடுவர் வெளியே அனுப்பி, சரிசெய்துகொண்டு வரச் சொன்னார். இதை ஏன் கட்டாயம் என்கிறார்கள்? நிஜமாகவே எலும்பைக் காக்குமா? அவனுக்கு எப்படிப் பார்த்து வாங்குவது?"

– ஒரு தாய்

முதலில் மகனை நாற்காலியில் உட்கார வைத்து, அவன் காலை உங்கள் கட்டைவிரலால் தடவிப் பாருங்கள். முட்டிச் சில்லுக்குக் கீழே ஒரு சிறு மேடு தட்டுப்படும். அங்கிருந்து கணுக்கால் வரை முன்பக்கமாக ஒரு கூரான விளிம்பு இறங்குகிறது. அந்த விளிம்புக்கு உட்புறம், அதாவது மற்றக் காலைப் பார்த்த பக்கத்தில், தட்டையான ஒரு பரப்பு இருக்கும். அதுதான் கணைக்கால் எலும்பு. விளிம்புக்கு வெளிப்புறம் விரலை நகர்த்தினால் உடனே சதை வந்துவிடும். உட்புறத்தில் சதையே கிடையாது. தோல், அதன் கீழ் மெல்லிய கொழுப்பு, அடுத்தது எலும்பு. தொடையில் உதை விழுந்தால் தடித்த தசை அதை வாங்கிக்கொள்ளும். இங்கே வாங்கிக்கொள்ள எதுவும் இல்லை. போதாததற்கு எலும்பை ஒட்டியிருக்கும் மெல்லிய உறையில் நரம்புகள் நிறைய. கட்டில் கால் இடித்தாலே உயிர் போகிற மாதிரி வலிப்பது அதனால்தான்.

அதே விரலைக் கொஞ்சம் கீழே கொண்டுபோங்கள். எலும்பின் நீளத்தை மூன்றாகப் பிரித்தால், நடுப்பங்கும் கீழ்ப்பங்கும் சேரும் இடத்தில் அது மிக ஒடுங்கியிருக்கும். கணைக்கால் எலும்பின் தண்டுப் பகுதி முறியும்போது பெரும்பாலும் அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் முறிகிறது. அங்கே சுற்றித் தசை குறைவு, ரத்த ஓட்டமும் குறைவு என்பதால், முறிந்தால் கூடுவதற்கும் நாள் பிடிக்கும். இந்த ஓர் இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கை அளவு கார்டு எனக்கு ஏன் பிடிப்பதில்லை என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது.

நடுக்களத்தில் ஆடுகிறவனுக்கு அடி எப்படி விழும் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு பேர் ஒரே பந்தை உதைக்க ஓங்குகிறார்கள். ஒருவன் கால் நூலிழை முந்துகிறது, பந்து நகர்ந்துவிடுகிறது, பிந்தியவனின் பூட்ஸ் பந்துக்குப் பதிலாக முந்தியவனின் கணைக்காலில் போய் விழுகிறது. இதில் முரட்டு ஆட்டம் எதுவும் இல்லை. இரண்டாவது வகை, சறுக்கி வரும்போது பூட்ஸின் அடிப்பக்கம், ஸ்டட்கள் முன்னால் நீட்டியபடி வந்து படுவது. ஒரு ஸ்டட்டின் நுனி சுண்டுவிரல் நுனி அளவுதான். ஓடிவரும் உடம்பின் வேகமெல்லாம் அந்தச் சிறு வட்டத்தில் குவிந்தால் தோல் கிழியும், எலும்பு உறைக்குக் கீழே ரத்தம் கட்டும்.

ஷின் கார்டு இந்த அடியை இல்லாமல் ஆக்குவதில்லை. பரப்பிவிடுகிறது. வெளியே இருக்கும் கெட்டியான ஓடு, ஒரு புள்ளியில் விழுந்த அடியைத் தன் அகலம் முழுக்க இழுத்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சு அமுங்கிக்கொடுத்து, அந்த அடி காலுக்குள் இறங்கும் நேரத்தைச் சற்றே நீட்டிவிடும். இரண்டும் சேர்ந்துதான் காப்பு. ஓடு இல்லாத வெறும் ஸ்பாஞ்சை ஸ்டட் நேராக அமுக்கி எலும்பைத் தொட்டுவிடும். ஸ்பாஞ்சு இல்லாத வெறும் ஓடோ அடியை அப்படியே எலும்பு விளிம்பின் மேல் இறக்கிவிடும்.

இதனால் தடுக்கப்படுவது கிழிசல், சிராய்ப்பு, கன்றிப்போதல், எலும்பு உறையில் ரத்தக்கட்டு ஆகியவை. இவற்றில் கார்டு நன்றாகவே வேலை செய்கிறது. எலும்பு முறிவைப் பொறுத்தவரை, ஓரளவு வரையிலான அடிக்கு அது அபாயத்தைக் குறைக்கும். முழு வேகத்தில் இருவர் மோதினால் கார்டு போட்டிருந்தும் எலும்பு முறிந்திருக்கிறது. கால் தரையில் ஊன்றியிருக்க உடம்பு திரும்பி ஏற்படும் முறுக்கு முறிவை எந்தக் கார்டாலும் தடுக்க முடியாது. கணுக்கால் பிசகுவதையும் முட்டித் தசைநார் கிழிவதையும் தடுக்காது. ஓடி ஓடி வரும் கணைக்கால் வலிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பல பெற்றோர் அந்த வலிக்கு மருந்தாக இன்னும் தடித்த கார்டு வாங்கித் தருகிறார்கள். அது அதிகப்படியான ஓட்டத்தால் வருவது. கார்டை மாற்றுவதால் தீராது.

இனி விதி. கால்பந்து ஆட்ட விதிகளில் 4ஆவது விதி வீரர்களின் உடையைப் பற்றியது. கையுள்ள சட்டை, அரைக்கால் சட்டை, சாக்ஸ், ஷின் கார்டு, காலணி ஆகிய ஐந்தும் கட்டாயம். 1874இல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணியின் சாம் வெல்லர் விடோசன் கிரிக்கெட் பேடை வெட்டிச் சிறிதாக்கிக் காலில் கட்டிக்கொண்டு ஆடினார். ஷின் கார்டின் தொடக்கம் அதுதான் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் அது விதியில் கட்டாயமானது 1990இல்தான். கார்டு தகுந்த பொருளால் செய்யப்பட்டிருக்க வேண்டும், நியாயமான பாதுகாப்பு தர வேண்டும், சாக்ஸ் அதை மூடியிருக்க வேண்டும் என்பதே விதி கேட்பது. இத்தனை சென்டிமீட்டர் நீளம் என்று விதியில் இல்லை. அளவும் பொருத்தமும் ஆடுகிறவரின் பொறுப்பு என்று 2024–25 விதிகளில் வெளிப்படையாகவே சேர்த்துவிட்டார்கள். உங்கள் மகன் டிவியில் பார்க்கும் சின்னக் கார்டுகளுக்கு இடம் கொடுப்பது இந்த இடைவெளிதான். தனக்கு எது நேர்ந்தாலும் தானே பொறுப்பு என்று ஒரு முதிர்ந்த தொழில்முறை வீரர் முடிவெடுக்கலாம். 13 வயதுப் பையனுக்காக அந்த முடிவை எடுக்க வேண்டியவர் நீங்கள்.

நடுவர் செய்ததும் சரிதான். கார்டு முன்பக்கம் இல்லாவிட்டால் சாக்ஸுக்குள் இருந்தும் பயனில்லை. வெளியே போனவர் சரிசெய்ததும், ஆட்ட அதிகாரிகளில் ஒருவர் அதைப் பார்த்த பிறகு, நடுவரின் அனுமதியோடுதான் உள்ளே வர வேண்டும். அனுமதி இல்லாமல் நுழைந்தால் மஞ்சள் அட்டை. இதை மகனிடம் சொல்லிவையுங்கள், அவசரத்தில் பிள்ளைகள் ஓடிவந்துவிடுவார்கள். ஆட்டத்தின் நடுவே கார்டு தானாகக் கழன்றுவிட்டால் அது வேறு விஷயம். பந்து அடுத்த முறை எல்லைக்கு வெளியே போவதற்குள் போட்டுக்கொண்டால் போதும். அதற்கிடையில் அவன் கோல் அடித்தாலும் அது செல்லும்.

இப்போது அளவு. சட்டைக்கு அளவெடுப்பதுபோல ஒரு துணி டேப் எடுத்துக்கொள்ளுங்கள். அவன் நாற்காலியில் உட்கார்ந்து, முட்டியை நேர்கோணமாக மடித்து, பாதத்தைத் தரையில் வைக்கட்டும். முட்டிச் சில்லுக்குக் கீழே தடவினீர்களே, அந்த மேட்டுக்குச் சற்றுக் கீழே பேனாவால் ஒரு புள்ளி. பிறகு பாதத்தின் முன்பகுதியை மட்டும் மேலே தூக்கச் சொல்லுங்கள். கணுக்காலின் முன்னால் ஒரு மடிப்பு விழும். அதற்கு இரண்டு விரற்கடை மேலே இன்னொரு புள்ளி. இரண்டு புள்ளிகளுக்கும் இடையில்தான் கார்டு உட்கார வேண்டும்.

உங்கள் மகன் உயரத்தில் இருக்கும் ஒரு பையனுக்கு இந்த இடைவெளி 24 செ.மீ. வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளங்கை அளவு கார்டு 10 செ.மீ. நீளம் என்றால் 14 செ.மீ. திறந்து கிடக்கும். அதைவிட மோசம், அது எங்கே உட்காரும் என்பது. கெண்டைச்சதையின் அகலத்தால் பிடிமானம் கிடைக்கும் என்று பிள்ளைகள் அதைக் காலின் நடுவில் வைத்துக்கொள்வார்கள். எலும்பு ஒடுங்கியிருக்கும் கீழ்ப்பகுதி முழுவதும் வெறுமனே இருக்கும். இதற்குப் பதிலாக 20 செ.மீ. கார்டை எடுத்து, அதன் கீழ் விளிம்பைக் கீழ்ப் புள்ளியில் பொருத்தினால், மேலே 4 செ.மீ. மட்டும் மிஞ்சுகிறது. மேல்பகுதியில் எலும்பு அகலமானது, கனமானது. எங்காவது கொஞ்சம் விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் மேலே விடுங்கள், கீழே விடாதீர்கள். நான் வைத்துக்கொள்ளும் கணக்கு, இரு புள்ளிகளின் இடைவெளியில் நான்கில் மூன்று பங்காவது மூடப்பட வேண்டும் என்பது. 24 செ.மீ. என்றால் 18க்குக் குறையக் கூடாது.

வளர்கிற பிள்ளைதானே என்று ஓர் அளவு பெரிதாக வாங்குவதும் தப்பு. நீளம் கூடினால், முட்டியை மடக்கும்போது மேல் விளிம்பு முட்டியைக் குத்தும். ஓடும்போது பூட்ஸின் நாக்கு கீழ் விளிம்பை மேலே தள்ளும். இரண்டுமே கார்டை நகர்த்திவிடும். அட்டையில் இருக்கும் எஸ், எம், எல் எழுத்துகளை நம்ப வேண்டாம். ஒரு நிறுவனத்தின் எம், இன்னொன்றின் எஸ்ஸாக இருக்கும். எந்த உயரத்துக்கு என்று சென்டிமீட்டரில் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். உயரம் இரண்டு அளவுகளின் எல்லையில் விழுந்தால், இரண்டையும் காலில் வைத்துப் பார்த்து, மேலே சொன்ன புள்ளிகளை வைத்து முடிவு செய்யுங்கள். ஐரோப்பியத் தரக் குறியீடான EN 13061 இருந்தால் நல்லது. கால்பந்து ஷின் கார்டுகளுக்கென்றே வகுக்கப்பட்ட சோதனைகள் அவை.

நீளத்தைவிட அதிகம் கவனிக்கப்படாதது வளைவு. கார்டைக் காலில் வைத்து, நடுக்கோட்டில் கட்டைவிரலால் அழுத்துங்கள். எலும்பின் கூர்விளிம்பில் நேராக உறைத்தால் அந்த ஓடு அவன் காலுக்குத் தட்டை. ஓடு ஒரு சிறு பாலம்போல விளிம்பைத் தாண்டி நின்று, இருபக்கமும் பரவலாகத் தாங்க வேண்டும். தட்டையான கார்டில் இன்னொரு கெடுதலும் உண்டு. கூரான விளிம்பின் மேல் அது தராசுத் தட்டுபோல ஆடும், பிறகு வழுக்கி ஒரு பக்கம் போய்விடும். உங்கள் மகனின் கார்டு பின்பக்கம் போனதற்கு அதன் குறுகிய அகலமும் இந்தத் தட்டைத்தன்மையும் காரணமாக இருக்கலாம். மறுமுனையில், வளைவு மிக இறுக்கமாக இருந்தால் இரண்டு ஓரங்களும் சதைக்குள் பதியும். ஐந்து நிமிடம் போட்டுக் கழற்றியதும் தோலில் இரண்டு சிவந்த கோடுகள் தெரிந்தால் அது அந்தக் காலுக்கானது அல்ல.

அகலத்தில் உட்புறம்தான் முக்கியம். சதையில்லாத அந்தத் தட்டைப் பரப்பு முழுவதும் மூடி, எலும்பின் உள் ஓரத்தைக் கார்டு ஒரு விரல் அகலமாவது தாண்ட வேண்டும். சில கார்டுகளில் இடது, வலது என்று குறித்திருப்பார்கள். உட்புறம் அதிகம் மூடும்படி அவற்றின் வடிவம் ஒருபக்கம் நீண்டிருக்கும். மாற்றிப் போட்டால், சதை இருக்கும் பக்கம் பாதுகாக்கப்பட்டு, எலும்பு இருக்கும் பக்கம் திறந்துகிடக்கும்.

பொருளைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. சாதாரண பிளாஸ்டிக் ஓடு பள்ளி வயதுக்குப் போதும். கார்பன் ஃபைபர் எடை குறைவு, விறைப்பு அதிகம். ஆனால் விறைப்பு அதிகம் என்பதாலேயே வளைவு பொருந்தாவிட்டால் அது வளைந்துகொடுக்காது. பொருந்தாத கார்பனைவிடப் பொருந்திய பிளாஸ்டிக் மேல். உள்ஸ்பாஞ்சை நகத்தால் அல்ல, விரல் சதையால் அழுத்திப் பாருங்கள். உடனே அமுங்கி ஓட்டைத் தொட்டுவிட்டால் அது பேருக்கு ஒட்டிய துணி. எதிர்ப்புக் கொடுத்து மெதுவாக அமுங்கி, விட்டதும் எழும்பி வர வேண்டும்.

வகையில் இரண்டுதான் உங்களுக்குத் தேவை. கணுக்கால் பட்டையோடு தைத்து வருவது ஒன்று. பாதத்துக்கடியில் ஒரு பட்டி போவதால் சுற்றாது, மேலேறாது. சின்னப் பிள்ளைகளுக்கு அதுதான் ஏற்றது. அதிலுள்ள கணுக்கால் மெத்தை எலும்பு மேட்டில் உதை படுவதிலிருந்து காக்கும், கால் பிசகுவதிலிருந்து காக்காது. இன்னொன்று ஓடு மட்டும் தனியாக வருவது. அதை இறுக்கமான துணி ஸ்லீவில் உள்ள பைக்குள் செருகிக்கொள்ள வேண்டும். உங்கள் மகன் வயதுக்கு இதைத்தான் சொல்வேன். இலகுவாக இருக்கும், பெரிய வீரர்கள் போடுகிற மாதிரி இருக்கிறது என்று அவனும் ஒப்புக்கொள்வான். ஸ்லீவ் இல்லாமல் ஓட்டைத் தோல்மேல் வைத்து சாக்ஸை இழுத்துக்கொண்டால், வியர்வை வந்ததும் அது நகரத் தொடங்கிவிடும்.

போடும் வரிசை இது: முதலில் ஸ்லீவ், அதன் பைக்குள் ஓடு, பிறகு சாக்ஸ், கடைசியில் பூட்ஸ். சாக்ஸை இழுக்கும்போது கார்டின் மேல் ஒரு கையை வைத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முக்கால்வாசி நேரம் கார்டு அந்த இழுப்பிலேயே கோணலாகிவிடுகிறது. கார்டு கீழே இறங்குகிறதென்றால், அதன் கீழ் விளிம்புக்கு நேர்கீழே சாக்ஸின் மேல் ஒரு சுற்று டேப். சாக்ஸின் அந்த இடம் என்ன நிறமோ, டேப்பும் அதே நிறமாக இருக்க வேண்டும் என்பதும் விதிதான். கெண்டைச்சதையின் தடித்த இடத்தில் இறுக்கிச் சுற்ற வேண்டாம். ஓட்டத்தில் தசை விம்மும்போது அது கயிறுபோல அழுத்தி, பாதம் மரத்துப்போகும்.

வாங்கும் இடத்திலேயே சாக்ஸும் பூட்ஸும் போட்டுச் சோதித்துப் பார்க்கலாம். முழுதாகக் குந்தி எழட்டும், மேல் விளிம்பு முட்டியைத் தொடக் கூடாது. நுனிக்காலில் பத்துமுறை குதிக்கட்டும். பிறகு நின்ற இடத்தில் திரும்பித் திரும்பி ஓடட்டும். கார்டு ஒரு விரல் அகலத்துக்கு மேல் நகர்ந்திருந்தால், முதலில் ஸ்லீவை ஓர் அளவு குறைத்துப் பாருங்கள். அப்போதும் நகர்ந்தால் வளைவு சரியில்லை, வேறு மாதிரியை எடுங்கள். 13 வயதில் கால் எலும்பு வேகமாக நீளும், ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த இரண்டு புள்ளிகளையும் மறுபடி அளந்துவிடுங்கள்.

ஆட்டம் முடிந்ததும் ஓட்டை ஸ்லீவிலிருந்து உருவி, ஸ்லீவைத் துவைத்து, ஓட்டை ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவிட வேண்டும். பைக்குள் ஈரமாகக் கிடந்தால் நாற்றம் மட்டுமல்ல, காலில் அரிப்பும் சிவப்புப் புள்ளிகளும் வரும். வெயில் கொளுத்தும் காரில் விட்டால் ஓட்டின் வளைவு மாறக்கூடும். வெந்நீரில் போட்டு வடிவம் மாற்றுவது, அதற்கென்றே செய்யப்பட்ட கார்டுகளில் மட்டும்.

மாதம் ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை லேசாக வளைத்துப் பாருங்கள். பிளாஸ்டிக்கில் வெள்ளைக் கோடு தெரிந்தால் உள்ளுக்குள் விரிசல் தொடங்கிவிட்டது. அடுத்த பலத்த அடியில் அது உடைந்து, உடைந்த முனையே காலைக் கிழிக்கலாம். ஸ்பாஞ்சு ஓர் இடத்தில் நிரந்தரமாக அமுங்கியிருந்தாலும் மாற்ற வேண்டியதுதான்.

கடைசியாக ஒரு விஷயம், கார்டு போட்டிருந்தும் பலமான அடி விழுந்தால். காலை ஊன்ற முடியவில்லை, எலும்பின் ஓர் இடத்தில் தொட்டாலே தாங்க முடியவில்லை, வடிவம் மாறியிருக்கிறது என்றால் காலை அசைக்காமல் தாங்கல் கொடுத்து எக்ஸ்ரேவுக்குக் கொண்டுபோங்கள். அடிபட்டபோது பரவாயில்லை என்று இருந்த கால், அடுத்த சில மணி நேரங்களில் போகப்போக வலி கூடி, தோல் விறைத்துப் பளபளத்து, கால்விரல்களைப் பிடித்து மடக்கினாலோ நீட்டினாலோ துடிக்கிற மாதிரி வலித்தால், இரவு எந்நேரமானாலும் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். தசைகளைச் சுற்றியுள்ள விரியாத உறைக்குள் ரத்தமும் வீக்கமும் அழுத்தம் ஏற்றும் நிலை அது. காலை வரை பார்க்கலாம் என்று காத்திருந்தால் தசை நிரந்தரமாகப் பாதிக்கப்படும். அப்படிச் சந்தேகம் வந்தால் டேப், ஸ்லீவ், இறுக்கமான கட்டு எல்லாவற்றையும் உடனே கழற்றிவிட்டு, காலை இதயத்தின் மட்டத்திலேயே வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.